களைத்து வருபவர் படிக்கும் மெயில்: வாக்கியத்தை எங்கே வெட்டுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. தையல் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் யூனிட்காரர்களுக்குத் தமிழில்தான் மெயில் அனுப்புகிறேன். அவர்கள் ராத்திரி வேலை முடிந்த பிறகு போனில் படிக்கிறார்கள். பாதி புரிந்துகொண்டு மறுநாள் காலையில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு 20 வார்த்தை என்று சொல்கிறார்களே, அது தமிழுக்குப் பொருந்துமா? எந்த வார்த்தை கடினம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பொருந்தாது. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கு எழுதுகிறவர்களுக்கு 25 வார்த்தைதான் எல்லை. தமிழிலோ ‘போகவேண்டியிருந்ததால்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலத்தின் நான்கைந்து சொற்கள் அடங்கிவிடும். அதனால் 20 தமிழ்ச் சொல் என்பது நல்ல நீளமான வாக்கியம். படிக்க எவ்வளவு எளிது என்று சில மென்பொருள்கள் காட்டும் ஃபிளெஷ் மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம். அது ஒரு சொல்லில் எத்தனை அசை என்று எண்ணுகிறது. சொல்லுக்கு நான்கு அசையாகப் பத்துச் சொல்லில் ஒரு தமிழ் வாக்கியத்தை அதில் போட்டால் மைனஸ் 142 வரும். வழக்கமாக நூற்றுக்குள் மதிப்பெண் போடும் அளவுகோல் அது!

தமிழில் எண்ண வேண்டியது சொற்களை அல்ல, முடியாமல் நிற்கும் வினைகளை. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வரும் ‘அனுப்பிய’, ‘சரிசெய்து’, ‘தராத’ போன்ற எச்சங்கள் ஒவ்வொன்றையும், முற்று வரும்வரை படிப்பவர் மனதில் பிடித்துவைத்திருக்க வேண்டும். காலையில் உட்கார்ந்து படிப்பவர் நான்கைந்தைத் தாங்கிக்கொள்வார். பன்னிரண்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றவர் மூன்றாவதிலேயே முதலாவதை விட்டுவிடுவார். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சம், எட்டிலிருந்து பத்துச் சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று மீறினால் முதலில் எச்சத்தைக் குறையுங்கள், நீளம் தானாகக் குறையும்.

உங்கள் வேலையிலேயே ஒரு மாதிரி பார்ப்போம். பொதுவாக இப்படித்தான் எழுதப்படுகிறது:

*“கடந்த வாரம் தங்கள் யூனிட்டிலிருந்து பெறப்பட்ட 1,200 பீஸ்களில் செக்கிங்கின்போது குறைபாடுடையவை எனக் கண்டறியப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட 85 பீஸ்களைச் சரிசெய்து, அவற்றுக்கான செலானுடன் வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காத பட்சத்தில் மேற்படி லாட்டுக்குரிய பில் தொகை வழங்குவதில் தாமதம் ஏற்படக்கூடும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.”*

மொத்தம் 31 சொல். பெறப்பட்ட, கண்டறியப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்ட, சரிசெய்து, ஒப்படைக்காத என்று ஐந்து எச்சங்கள் வரிசையில் நிற்கின்றன. யூனிட்காரர் செய்ய வேண்டிய வேலை நட்டநடுவில் புதைந்திருக்கிறது. அதுவும் ‘ஒப்படையுங்கள்’ என்று இல்லை, ‘ஒப்படைக்காத பட்சத்தில்’ என்று எதிர்மறையில் இருக்கிறது. முற்றாக வருவதோ ‘தெரிவித்துக்கொள்கிறோம்’. அதில் அவருக்கு ஒரு செய்தியும் இல்லை. இதையே பிரித்தால்:

*“செக்கிங்கில் திரும்பிய 85 பீஸை வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து அனுப்புங்கள். கூடவே செலானும் வேண்டும். போன வாரம் நீங்கள் அனுப்பிய 1,200 பீஸில் இவை இருந்தன. கழுத்து ரிப்பில் தையல் விட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தாண்டினால் இந்த லாட்டின் பில் பணம் தாமதமாகும்.”*

இது 29 சொல். மெயில் ஒன்றும் பெரிதாகச் சுருங்கிவிடவில்லை, ஆனால் ஐந்து முற்றுகள் வந்துவிட்டன. ஒவ்வொரு முற்றிலும் படிப்பவர் கையிலிருப்பதை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். நீளமான வாக்கியமே எட்டுச் சொல்தான். தேதியையும் ‘வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி’ என்று சேர்த்துவிடுங்கள். வியாழன் ராத்திரி படிப்பவருக்கு ‘வரும் வெள்ளி’ நாளைக்கா, அடுத்த வாரமா என்று குழம்பும்.

இதற்காக எல்லாவற்றையும் நறுக்கிவிடவும் கூடாது. ‘தாண்டினால்’ என்ற நிபந்தனையும் ‘தாமதமாகும்’ என்ற விளைவும் ஒரே வாக்கியத்தில்தான் இருக்க வேண்டும். பிரித்தால், பில் பணம் எப்படியும் தாமதம்தான் என்று படித்துவிடுவார். மூன்று நான்கு கட்டளைகள் அடுத்தடுத்து வந்தால் அதட்டுவது போலவும் இருக்கும். வயதில் பெரியவர் என்றால் மேலே ‘அண்ணா, வணக்கம்’ என்று ஒரு வரி போட்டு, ‘அனுப்புங்கள்’ என்பதை ‘அனுப்பிவிடுங்கள்’ என்று மாற்றினாலே போதும். மரியாதையை அங்கே காட்டுங்கள், ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ தேவையில்லை.

அவசரத்தில் படிப்பவரை மிக அதிகமாக ஏமாற்றுவது வாக்கியக் கடைசியில் வரும் மறுப்பு. ‘பழைய செலான் நகலை இனி ஒவ்வொரு லாட்டோடும் இணைத்து அனுப்ப வேண்டியதில்லை’ என்பதில் ‘அனுப்ப வேண்டிய’ வரைக்கும் கண் ஓடினால் போதும், அவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துப் பாருங்கள். செய்யச் சொல்கிறதா, வேண்டாம் என்கிறதா என்று தெரியவில்லையா? அப்படியானால் மறுப்பை முன்னால் இழுங்கள்: ‘பழைய செலான் நகல் இனி வேண்டாம்.’

இனி, சொல்லின் கடினம். நீளத்தை வைத்து அதை அளக்க முடியாது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ நீளமான சொல், ஆனால் யாரும் தடுக்கிவிழுவதில்லை. ‘மேற்படி’ சின்னச் சொல், ஆனால் எது மேற்படி என்று தேட போன் திரையை மேலே தள்ள வைக்கிறது. இந்த யூனிட்காரரிடமே போனில் பேசினால் இந்தச் சொல் உங்கள் வாயில் வருமா என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒப்படைக்காத பட்சத்தில்’ வராது, ‘தராவிட்டால்’ வரும். செலான், லாட், பீஸ், செக்கிங் தாராளமாக வரும். அவற்றைத் தனித்தமிழாக்கினால் அவருக்குச் சுமைதான் கூடும். தமிழாசிரியருக்கு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பொருளுக்கு ஒரே பெயரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் செலான், மூன்றாம் வரியில் அதையே டிசி என்று எழுதினால் இரண்டு காகிதம் கேட்கிறீர்கள் என்று நினைப்பார். பள்ளிக் கட்டுரையில் சொன்னதையே சொன்னால் குறை என்பார்கள், மெயிலில் அதுதான் வசதி.

கனமான சொல் பல நேரம் ஒரு தகவலை மறைத்தும் நிற்கிறது. ‘குறைபாடுடையவை’ என்று எழுதிவிட்டால் என்ன குறை என்று சொல்லாமலே தப்பிவிடலாம். அதை எளிதாக்க முயன்றபோதுதான் ‘கழுத்து ரிப்பில் தையல் விட்டிருக்கிறது’ என்று எழுத வேண்டிவந்தது. ‘-பட்ட’ என்று முடிவதும் அப்படியே. ‘திருப்பி அனுப்பப்பட்ட’ என்றால் யார், எந்த வண்டியில் அனுப்பினார்கள் என்ற கேள்வி மறுநாள் போனில் வரும்.

அந்தப் போன் அழைப்புகளை ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். மெயிலில் இருக்கும் தேதியையோ எண்ணிக்கையையோ கேட்டால், அது நீண்ட வாக்கியத்தின் நடுவில் கிடக்கிறது, பிரித்து எடுங்கள். ‘எதைச் சொல்றீங்க?’ என்று கேட்டால் ‘மேற்படி’, ‘அவை’, ‘இது தொடர்பாக’ போன்ற சுட்டுச் சொற்களைத் தேடி, அந்த இடத்தில் பொருளின் பெயரையே போடுங்கள். ‘ஓகே’ என்று பதில் வந்தும் வேலை நடக்கவில்லையென்றால், செய்ய வேண்டியது முதல் வாக்கியத்தில் இருந்ததா என்று பாருங்கள்.