பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன பாட்டு போடலாம்?

"தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம். தலவாக்கலைப் பக்கம் தோட்டம். அவ வீட்டை விட்டுக் கிளம்பும்போது போட நல்ல பாட்டு சொல்லுங்க. அப்பா, அம்மா, அண்ணன் நான், எல்லாருக்கும் பொருந்தணும்."

தம்பி, எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பாட்டைத் தேடாதீர்கள். அன்றைக்கு அவளை அனுப்பி வைப்பது உங்கள் வீட்டில் யாருக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும் என்று வீட்டோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த ஆள் அவளிடம் சொல்ல நினைத்தும் வாயில் வராத பேச்சு எந்தப் பாட்டில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பாட்டு. நான் ஹட்டன் பக்கம் கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் செட் கட்டுகிறவன். கிளம்புகிற நேரத்தில் பாட்டு சரியாக அமைந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன், அமையாத வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவள் எப்போது கிளம்புகிறாள்? நம்ம பக்கம் பல குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டார் பொண்ணழைக்க வந்து, தாலி கட்டுவதற்கு முன்னாடியே கூட்டிக்கொண்டு போகிறார்கள். சில வீடுகளில் தோட்டத்துக் கோயிலிலேயே தாலி கட்டி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து அனுப்புகிறார்கள். முன்னாடியே கிளம்புகிறாள் என்றால் அவள் இன்னும் உங்கள் வீட்டுப் பிள்ளைதான், கல்யாணமே முன்னால் இருக்கிறது, அங்கே அழுகைப் பாட்டு போட்டால் கோயிலுக்கு வந்து சேரும்போது முகமெல்லாம் வீங்கிப் போயிருக்கும். அந்த நேரத்துக்கு 'வாராயென் தோழி வாராயோ' நல்ல பாட்டு. 1961-ல் வந்த பாசமலர் படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது, தோழிகள் மணப்பெண்ணைப் பந்தலுக்குக் கூப்பிடுகிற பாட்டு, அதனால் நடக்கிற காரியத்துக்கு வார்த்தை அப்படியே பொருந்தும். தாலி ஏறிய பிறகு கிளம்புகிறாள் என்றால்தான் கீழே சொல்கிற பாட்டெல்லாம்.

இந்த இடத்தில் ரொம்பப் பேர் கேட்பது 'மணமகளே மருமகளே வா வா'. 1962-ல் வந்த சாரதா படப் பாட்டு. நல்ல பாட்டுதான், ஆனால் அது மருமகளை உள்ளே வரச்சொல்லி மாப்பிள்ளை வீட்டார் பாடுவது. பெத்தவர்கள் வாசலில் நின்று அழுகிறபோது ஒலிபெருக்கி 'வா வா' என்று கூப்பிட்டால் கேட்கவே சங்கடமாக இருக்கும். அதை மாப்பிள்ளை வீட்டு சவுண்ட் செட்காரரிடம் சொல்லிவையுங்கள், ஆரத்தி எடுக்கிறபோது போடட்டும். அதே மாதிரி 'புருஷன் வீட்டில் வாழப்போகும் பொண்ணே' என்று திருச்சி லோகநாதன் பாடிய 1958-ஆம் வருசத்துப் பாட்டைத் தாத்தாமார் கேட்பார்கள். மாமியாரை மதிக்கணும், கோழி கூவும்போதே எழும்பணும் என்று புத்திமதி சொல்கிற பாட்டு அது. காலையில் பிரட்டுக்குப் போய், பின்னேரம் வந்து சமைத்து, அதற்கு மேல் படித்தும் இருக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் புத்திமதி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தாத்தா ஆசைப்பட்டால் சாப்பாட்டு நேரத்தில் போட்டுவிடலாம், அவருக்கும் சந்தோசம்.

இப்போது அப்பா. அப்பாவுக்கென்று இப்போது அதிகம் கேட்பது மூன்று பாட்டு. 'வா வா என் தேவதையே' அபியும் நானும் (2008) படத்தில் வந்தது, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்ப மனசு வராத அப்பாவின் கதைதான் அந்தப் படமே, அதனால் கதையும் சேர்ந்து பொருந்துகிறது. 'ஆனந்த யாழை மீட்டுகிறாய்' தங்க மீன்கள் (2013) படத்தில் நா.முத்துக்குமார் எழுதியது, அந்தப் பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதில் பிரிவே இல்லை, மகள் கூட இருக்கிற சந்தோசம்தான் இருக்கிறது, அதனால்தான் கிளம்புகிற நேரத்தில் அது அப்படித் தாக்குகிறது. அதிகம் பேசாத அப்பாவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மூன்றாவது, விஸ்வாசம் (2019) படத்தில் தாமரை எழுதிய 'கண்ணான கண்ணே'. அந்தக் கதையில் அப்பாவும் மகளும் வருசக்கணக்காகப் பிரிந்திருப்பார்கள், யாரென்று சொல்லாமலே அவர் மகளுக்குப் பக்கத்தில் இருப்பார். கொழும்பில் கடையில் நின்று, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஊருக்கு வந்து போன அப்பாக்கள் நம்ம பக்கம் எத்தனையோ பேர். அவர்கள் தாமாகவே கேட்பது இந்தப் பாட்டைத்தான்.

அண்ணன் நீங்கள் உங்களுக்காகக் கேட்டால், நம்ம வீட்டுப் பிள்ளை (2019) படத்தில் வருகிற 'உன் கூடவே பொறக்கணும்' பாட்டைப் போடுங்கள். 'மலர்ந்தும் மலராத' தான் வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள், எனக்கும் அதைவிடப் பெரிய அண்ணன் தங்கச்சிப் பாட்டு தெரியாது. ஆனால் பாசமலர் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டு வருகிறபோது அண்ணனும் தங்கச்சியும் பிரிந்து கிடக்கிறார்கள், கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். பெரியவர்கள் யாராவது 'நல்ல நாளில் அந்தப் பாட்டா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது அம்மா மனதில் முள்ளாகத் தங்கிவிடும். வீட்டில் மூத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அம்மாவுக்குத்தான் சினிமாவில் தேடினாலும் சுலபமாகக் கிடைக்காது. அம்மாவைப் பற்றி மகன் பாடுவது நிறைய, கட்டிக்கொடுக்கிற மகளைப் பார்த்து அம்மா பாடுவது ரொம்பக் குறைவு. இதில் நான் பார்த்த ஒரு வீட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே அம்மாயி கையில் வளர்ந்தவள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. கல்யாணத்துக்கு அம்மா வந்துவிட்டார், ஆனால் யாருக்குப் பாட்டு போடுவது என்பதில் வீட்டுக்குள் ஒரு மௌனம். அம்மா பாட்டு போட்டால் வளர்த்த அம்மாயி ஒதுங்கிப்போவார், அம்மாயிக்குப் போட்டால் இத்தனை காலம் காசு அனுப்பிய அம்மாவுக்கு வலிக்கும். நான் சொன்னது, அப்பாவுக்கு 'ஆனந்த யாழை' மட்டும் பெட்டியில் ஓடட்டும், அப்புறம் பெட்டியை நிறுத்திவிட்டு அம்மாயியைப் பாடச் சொல்லுங்கள், தாலாட்டு போதும் என்றேன். நம்ம லயத்தில் எல்லாருக்கும் காதில் ஊறின தாலாட்டுதான்:

ஆராரோ ஆரிரரோ
கண்ணே நீ ஏன் அழுதாய்
மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே

மாப்பிள்ளை அவளுக்கு முறை மாப்பிள்ளை, அப்பாவின் கூடப்பிறந்த அக்காள் மகன். அந்த அத்தையே பொண்ணை அழைத்துப்போக இஸ்தோப்பில் நிற்கிறார். 'அத்தை அடித்தாளோ' என்று அம்மாயி பாடியதும் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழுகையும் சிரிப்புமாக வந்து, 'நான் அடிக்கவே மாட்டேன் பெரியம்மா' என்று அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் அடுத்த வரியைச் சேர்ந்து பாடினார், அவருக்கும் அது அவர் அம்மா பாடின பாட்டுதானே. வார்த்தை அந்த இடத்துக்குப் பொருந்திவிட்டால் மைக்கும் வேண்டாம், குரலும் பிசகினால் பரவாயில்லை. ஒன்று மட்டும் பாருங்கள், சில பாட்டிமார் பாடத் தொடங்கினால் இழுவை மெதுவாக ஒப்பாரி மெட்டுக்குப் போய்விடும், அதை மற்றப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். முதல் நாள் ராத்திரி ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், நாலு வரியோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்லிவையுங்கள்.

பாட்டு முடிவானதும் நேரத்தை ஓட்டிப் பாருங்கள். சினிமாப் பாட்டு நாலு, ஐந்து நிமிசம்தான். பெரியவர்கள் காலில் விழுந்து, திருநீறு பூசி, பக்கத்துக் காம்பராக்காரர்களைக் கட்டிப்பிடித்து, லயத்திலிருந்து படி இறங்கி வேன் நிற்கிற ரோட்டுக்குப் போக அதைப்போல மூன்று நாலு மடங்கு ஆகும். ஆசீர்வாதம் தொடங்கும்போதே உங்கள் பாட்டைப் போட்டால் அவள் வாசலைத் தாண்டும்போது பாட்டு முடிந்து, அடுத்ததாகக் குத்துப்பாட்டு ஒன்று தொடங்கிவிடும். இது அடிக்கடி நடக்கிறது. அதனால் ஆசீர்வாதத்துக்கு நாதஸ்வரம் மட்டும் சின்னச் சத்தத்தில் ஓடட்டும். பொண்ணு கடைசி ஆளின் காலில் விழுந்து எழும்பியதும் நீங்கள் கையைக் காட்டுங்கள், அப்போது பாட்டு தொடங்கட்டும். வாசலில் இருந்து வேன் வரைக்கும் அந்த ஒரு பாட்டு போதும். அது முடிந்ததும் மௌனமாக விட்டுவிடுங்கள், இன்னொன்று போட்டு நிரப்ப வேண்டாம்.

யூடியூபில் நேரடியாகப் போடாதீர்கள். தோட்டத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும், நடுவில் விளம்பரமும் வரும். பாட்டைப் பென்டிரைவில் தனியாக எடுத்து, 01, 02 என்று பெயர் வைத்துக் கொடுங்கள், தொடர்ந்து ஓடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போகிற காலம் என்றால் ஃபோனிலும் ஒரு பிரதி வைத்து, சார்ஜ் போட்ட சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டுகிற குழல் ஒலிபெருக்கியை அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள், அது எதிர் மலையில் போய் மோதித் திரும்பி வரும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வார்த்தையே விளங்காது. வீட்டைப் பார்த்து வைத்த ஒரு பெட்டி போதும். அம்மா அவள் காதில் சொல்லுகிறது அவளுக்குக் கேட்கிற அளவு சத்தம்தான் இருக்க வேண்டும்.