ஒயிட் கோல்டுக்குக் கிராமுக்கு 400 ரூபாய் கூடுதலா?

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு 6 கிராமில் மோதிரம் பார்த்தோம். ரோஸ் கோல்டு, ஒயிட் கோல்டு இரண்டிலும் 18K750 என்றுதான் முத்திரை இருக்கிறது. ஆனால் ஒயிட் கோல்டுக்குக் கிராமுக்கு 400 ரூபாய் கூடக் கேட்கிறார்கள். "கலக்குற மெட்டல் விலை சார்" என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: அது எந்த மெட்டல் என்று கேட்டீர்களா? உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

750 என்றால் ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம். மீதி 250 பங்கு என்ன என்பதை முத்திரை சொல்லாது. முத்திரையோடு நகையில் பொறித்திருக்கும் HUID என்ற அடையாள எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பார்த்தாலும் தூய்மை, நகை வகை, கடையின் பதிவு, முத்திரையிட்ட மையம் போன்றவைதான் வரும். உடம்பில் படுகிற பொருளில் கால் பங்கு என்ன உலோகம் என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டாம் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ தெரியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். சுலபமாக இருக்கட்டும் என்று 24 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 18 காரட்டுக்கு 7,500. உங்கள் 6 கிராம் மோதிரத்தில் தங்கம் 4.5 கிராம், அதாவது 45,000 ரூபாய். நிறம் எதுவானாலும் இந்தத் தொகை மாறாது. மீதி ஒன்றரை கிராமில்தான் வித்தியாசம்.

ரோஸ் கோல்டில் அந்த ஒன்றரை கிராம் பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் வெள்ளி. செம்பு கிராம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். மொத்தக் கலப்பும் சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆகவே "ரோஸ் கோல்டு ஸ்பெஷல்" என்று கிராம் விலையில் யாராவது ஏற்றினால் கொடுக்காதீர்கள்.

ஒயிட் கோல்டு இரண்டு விதம். மஞ்சளை வெளுக்க வைக்க நிக்கல் சேர்ப்பார்கள், அல்லது பல்லேடியம் சேர்ப்பார்கள். நிக்கலும் மலிவு உலோகம்தான், கிராமுக்கு 400 ரூபாய் ஏற்ற அதில் எந்த நியாயமும் இல்லை. பல்லேடியம் அப்படியல்ல, பிளாட்டினத்தின் உறவு. கிராம் சில ஆயிரம் ரூபாய். மோதிர எடையில் எட்டில் ஒரு பங்கு பல்லேடியம் என்றால் முக்கால் கிராம் வரும். அதற்கே இரண்டாயிரம், மூவாயிரம் ஆகிவிடும். உங்களிடம் கேட்பது மொத்தம் 2,400. அப்படியானால் அது நியாயமான விலையாகவே இருக்கலாம்.

ஆனால் இந்த ஒரு விதிவிலக்கைச் சாக்காக வைத்துத்தான் நிக்கல் நகைக்கும் பல்லேடியம் விலை வாங்குகிறார்கள். கடையில் காரட்மீட்டர் மெஷின் இருக்கும். மோதிரத்தை அதில் வைத்துத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். Au தங்கம், Pd பல்லேடியம், Ni நிக்கல். Rh என்று கொஞ்சம் காட்டினால் பயப்படாதீர்கள், அது மேலே பளபளப்புக்குப் பூசிய ரோடியம். பல்லேடியம் இருந்தால் "பல்லேடியம் கலந்த ஒயிட் கோல்டு" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த 400-ஐக் கொடுக்க வேண்டியதில்லை. நிக்கல் என்றால் இன்னொன்றும் உண்டு: சிலருக்கு விரல் அரிக்கும், ரோடியம் தேயத் தேய அதிகமாகும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் வீட்டில் இருந்தால் நிக்கலே வேண்டாம்.

இதைவிடப் பெரிய பொறி பலகை விலை. வாசலில் பெரிதாக எழுதியிருப்பது 22 காரட் விலை. நம் உதாரணத்தில் அது 9,160. அந்த விலையை 18 காரட் நகைக்குப் போட்டு, மேலே சேதாரமும் சேர்த்து பில் அடிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 22 காரட் விலையை 0.82-ஆல் பெருக்கிப் பாருங்கள். கடை சொல்லும் 18 காரட் விலை அதைவிட ஓரிரு சதவீதம் கூட இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் சண்டை போடுங்கள். "916 ஒயிட் கோல்டு" என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மிச்சமுள்ள 8 சதவீதச் சொச்சத்தால் தங்கத்தின் மஞ்சளை வெளுக்க முடியாது. அநேகமாக அது ரோடியம் பூசிய மஞ்சள் நகையாகத்தான் இருக்கும்.

அப்புறம், விற்கப் போகும்போது. பழைய தங்கம் வாங்கும் தரகர் உரைகல்லில் தேய்த்து, "இதுல தங்கமே இல்லம்மா, வெள்ளிதான்" என்பார். வெள்ளையாக விழுகிற உரசலை மஞ்சள் நகை உரசலோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். ரோடியம் பூச்சு மேலேயே இருந்தால் மெஷினும் தங்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், உள்பக்கம் லேசாக அரம் போட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே சின்னக் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தங்கம் குறைவு என்று வந்தால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்ற கடை தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பில் இல்லாமல் போனால் யாரும் அசைய மாட்டார்கள்.

பல்லேடியத்துக்கு நீங்கள் கொடுத்த 2,400 ரூபாய் மட்டும் பெரும்பாலும் எந்தக் கடையிலும் திரும்பக் கிடைக்காது. மாற்றும்போது தங்கத்துக்கு மட்டும்தான் கணக்கு.