மின்னூட்டம் குறைவாக வைத்திருக்கும் கோளம் ஏன் கொடுக்கிறது? கம்பியால் இணைத்த இரு கோளங்கள் பற்றிக் கேள்வி பதில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: 9 செ.மீ ஆரமுள்ள கோளத்தில் 40 நானோகூலும், 27 செ.மீ ஆரமுள்ள கோளத்தில் 60 நானோகூலும் இருக்கிறது சார். கம்பியால் இணைத்தால் 60 உள்ள கோளம்தானே கொடுக்க வேண்டும்? விடையில் தலைகீழாகப் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

அச்சுப் பிழை இல்லை. குறுகலான குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் உயரமாக நிற்கும். அண்டாவில் இரண்டு சொம்பு ஊற்றினாலும் அடியைத் தாண்டாது. இரண்டையும் கீழே இணைத்துவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? யாரிடம் அதிகம் இருக்கிறது என்பது அதற்குக் கணக்கே இல்லை. எங்கே மட்டம் உயரமோ அங்கிருந்து ஓடும். இங்கே அந்த மட்டம்தான் மின்னழுத்தம்.

தனியாக நிற்கும் கோளத்துக்கு V = kQ/R. சின்னதில் போட்டால் 4000 வோல்ட், பெரியதில் 2000 வோல்ட். ஆகவே சின்னதிலிருந்துதான் போகும். (உண்மையில் உலோகத்தில் நகர்வது எலக்ட்ரான், அது எதிர்த்திசையில் போகிறது. கணக்கு மாறாது.)

இறுதி நிலைக்கு இரண்டே விஷயம் போதும். மொத்தம் 100 நானோகூலும் மாறாது, இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றாக வேண்டும். Q/R சமம் என்றால் மின்னூட்டம் ஆரங்களின் விகிதத்தில், அதாவது 1:3 ஆகப் பிரியும். சின்னதற்கு 25, பெரியதற்கு 75. இரண்டிலும் 2500 வோல்ட். கம்பி வழியே போனது 15 நானோகூலும். 4000-க்கும் 2000-க்கும் சராசரி 3000 தானே என்று கேட்காதீர்கள், அண்டா அகலம் என்பதால் மட்டம் அதன் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

இதெல்லாம் இரு கோளங்களும் வெகு தொலைவில் இருக்கின்றன, கம்பி தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்ற நம்பிக்கையில். அதைப் பற்றிக் கடைசியில் ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார், வருகிறேன்.

டியூஷன் எடுப்பவர்: மின்னூட்டம் பரப்பில்தான் தங்கும். அப்படியானால் பரப்பளவுக்கு ஏற்றபடி 1:9 என்றுதானே பிரிய வேண்டும்? நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிவந்தேன்.

முதல் பாதி சரி, பரப்பில்தான் தங்கும். ஆனால் எவ்வளவு தங்கும் என்பதைப் பரப்பளவு முடிவு செய்வதில்லை. உங்கள் 1:9 கணக்கையே சோதித்துப் பாருங்களேன். சின்னதில் 10, பெரியதில் 90. மின்னழுத்தம் 1000, 3000 என்று வரும். கம்பி இன்னும் இணைந்தே இருக்கும்போது 2000 வோல்ட் வேறுபாடு எப்படி நிற்கும்? உடனே திரும்பி ஓட ஆரம்பித்துவிடும்.

சரியான 25:75 பிரிவில் சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் சின்னதில் சுமார் 246 நானோகூலும், பெரியதில் 82. சின்னதில்தான் மூன்று மடங்கு நெருக்கம். பரப்புக்கு அருகே மின்புலமும் அப்படியே மூன்று மடங்கு. மின்னழுத்தம் சமம் என்றால் மின்புலமும் சமம் என்று எழுதுகிற பிள்ளைகள் ஏராளம், அதையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

பொறியியல் முதலாண்டு மாணவர்: ஆற்றல் இழப்பு 15 மைக்ரோஜூல் என்று வருகிறது. வெப்பமாகப் போனது என்கிறார்கள். கம்பியின் மின்தடை பூச்சியம் என்று வைத்தால் வெப்பமே இல்லையே, அப்போது இழப்பும் இருக்கக் கூடாதல்லவா?

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். முதலில் அந்த 15 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். ½QV போட்டால் இணைக்கும் முன் 80 + 60 = 140 மைக்ரோஜூல், பின் 125. ஆனால் கழித்துப் பார்ப்பதைவிட இன்னொரு வழி எனக்குப் பிடிக்கும். 15 நானோகூலும் நகரும்போது வேறுபாடு 2000 வோல்ட்டில் தொடங்கி நேர்கோடாக இறங்கிப் பூச்சியத்துக்கு வருகிறது. சராசரி 1000 வோல்ட். 15 நானோகூலும் சராசரி 1000 வோல்ட் இறங்கினால் 15 மைக்ரோஜூல். முடிந்தது. இதில் கம்பியின் மின்தடை எங்கேயும் வரவில்லை பாருங்கள். ஒரு ஓமோ, ஒரு மெகாஓமோ, இழப்பு அதேதான். மின்தடை தீர்மானிப்பது எவ்வளவு என்பதை அல்ல, எவ்வளவு நேரத்தில் என்பதை.

எங்கே போகிறது என்பதும் மின்தடையைப் பொறுத்து மாறும். நடுவில் ஒரு மெகாஓம் வைத்தால் கால மாறிலி 7.5 மைக்ரோநொடி. சாவகாசமாக இறங்கும், கிட்டத்தட்ட எல்லாம் வெப்பம். வெறும் செம்புக் கம்பி என்றால் கதையே வேறு. 2 மீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். அதன் தன்மின்தூண்டல் தோராயமாக 3.5 மைக்ரோஹென்றி. மின்னழுத்தம் 2500 வோல்ட்டில் வந்து நிற்காது, வேகத்தில் தாண்டிப் போய்த் திரும்பும், மறுபடி தாண்டும். இந்த ஊசலாட்டம் வினாடிக்கு சுமார் 3 கோடி முறை, அதாவது 30 மெகாஹெர்ட்ஸ். அதை அடக்க 1400 ஓம் அளவுக்காவது மின்தடை வேண்டும். செம்புக் கம்பியில் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

30 மெகாஹெர்ட்ஸில் ஆடும் இரு கோளமும் ஒரு கம்பியும் என்றால் அது ஒரு ஆன்டெனா. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 1887-ல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் செய்து வைத்தது ஏறக்குறைய இதையேதான்: கம்பியின் இரு முனையிலும் துத்தநாகக் கோளம், நடுவில் தீப்பொறிக்கு ஓர் இடைவெளி. ஆகவே மின்தடையைப் பூச்சியமாக்கினாலும் இழப்பு தப்பாது, ரேடியோ அலையாகப் போகும். அலையையும் மறந்துவிட்டால் ஊசலாட்டம் ஓயவே ஓயாது, "இறுதி மின்னழுத்தம்" என்ற ஒன்றே இருக்காது. கேள்வி தன் காலிலேயே தடுக்கி விழும்.

வெப்பம் எத்தனை பங்கு, அலை எத்தனை பங்கு என்று கேட்டால் கம்பியை எப்படி இணைத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கையில் பிடித்து அருகே கொண்டுபோனால் தொடும் முன்பே பொறி தாவும். ஒரு பங்கு அந்தப் பொறியில் ஒளி, சூடு, "டப்" என்ற சத்தம் எனப் போய்விடும்.

நீட் எழுதுபவர்: பெரிய கோளத்தில் −60 என்றால்? நான் குறியை விட்டுவிட்டு அதே 25, 75 போட்டேன். மதிப்பெண் போச்சு.

போகத்தான் செய்யும். மொத்தம் இப்போது −20. அதை 1:3 ஆகப் பிரித்தால் −5, −15. மின்னழுத்தம் இரண்டிலும் −500 வோல்ட். +40 வைத்திருந்த கோளம் −5 ஆகக் குறி மாறி நிற்பதுதான் பலரை மிரட்டுகிறது. முதலில் ஒன்றையொன்று சமன் செய்து அழித்து, மிச்சத்தைப் பங்கிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஆற்றல். தொடக்க ஆற்றல் முன்போலவே 140 மைக்ரோஜூல், வர்க்கத்தில் குறி தெரியாது. ஆனால் வேறுபாடு இப்போது 6000 வோல்ட், கம்பி வழியே போனது 45 நானோகூலும். சராசரி 3000 வோல்ட்டால் பெருக்கினால் இழப்பு 135. மிஞ்சுவது வெறும் 5. குறியை விட்டவருக்கு 15 என்று வரும். ஒன்பது மடங்கு தவறு!

பி.எஸ்சி மாணவி: எங்கள் பேராசிரியர் கம்பி இணைத்ததும் உள்ளே உள்ள கோளத்தில் மின்னூட்டமே மிஞ்சாது என்றார். நீங்கள் 25 மிஞ்சும் என்கிறீர்கள். யார் சரி?

இருவரும் சரி, கணக்கு வேறு. "உள்ளே உள்ள" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது ஒரு கோளக் கூட்டுக்குள் இன்னொன்று இருக்கும் அமைப்பு. அங்கே சம மின்னழுத்தம் என்றால் இடைவெளியில் மின்புலமே இருக்காது, உள்கோளம் காலியாகிவிடும். இங்கே ஒன்றுக்கு வெளியே ஒன்றாகத் தள்ளி நிற்கும் இரண்டு கோளங்கள்.

பள்ளி ஆசிரியர்: இரண்டு கால்பந்துகளை அலுமினியத் தாளால் சுற்றி, நைலான் கயிற்றில் தொங்கவிட்டு மின்னூட்டம் ஏற்றினோம். மல்டிமீட்டரில் பூச்சியத்தைத் தாண்டவே இல்லை. ஏற்றவே இல்லையா, கசிந்துவிட்டதா?

ஏறியிருக்கும். காலி செய்தது உங்கள் மல்டிமீட்டர்தான். கால்பந்தின் ஆரம் 11 செ.மீ, மின்தேக்குத்திறன் 12 பிகோஃபாரட். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம். பெருக்கினால் 0.12 மில்லிநொடி. மீட்டர் ஒரு எண்ணைக் காட்ட முடிவெடுப்பதற்குள் பந்து காலி. போதாததற்கு, ஆயிரக்கணக்கான வோல்ட் என்றால் அந்த மீட்டருக்கும் நல்லதில்லை.

மீட்டரைத் தொடவிடாமல் பாருங்கள். ஒரு தங்க இலை மின்காட்டியின் மேல்தட்டில் தகர டப்பாவை வைத்து, பந்தில் தொட்டு எடுத்த சிறு உலோக வில்லையை டப்பாவுக்குள், சுவரில் படாமல், இறக்குங்கள். பந்துகளைக் கம்பியால் இணைத்த பிறகு, சின்னப் பந்தில் தொட்ட வில்லை இலையை அதிகம் விரிக்கும், பெரியதில் தொட்டது குறைவாக. ஆனால் அதற்கு இரண்டு பந்தும் வெவ்வேறு அளவாக இருக்க வேண்டும், உங்களுடையது ஒரே அளவு என்றால் ஒன்றும் தெரியாது. மழை நாளில் செய்யாதீர்கள், நைலானில் ஈரம் படிந்தால் கயிறே வடிகால் ஆகிவிடும்.

ஆய்வு மாணவர்: உங்கள் 2 மீட்டர் கம்பி தனியாக நின்றாலே சுமார் 13 பிகோஃபாரட். உங்கள் சின்னக் கோளமோ 10 தான். "கம்பி எதையும் வைத்துக்கொள்ளாது" என்பது எப்படி நியாயம்?

மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்வது சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். மெல்லிசாக்கினால் குறையும், ஆனால் மடக்கை வேகத்தில்தான். தலைமுடி அளவுக்கு இழைத்தாலும் 10-க்குப் பக்கத்திலேயே நிற்கும்.

தூரத்திலும் இதே தொல்லை. மையங்கள் 2 மீட்டர் தள்ளி இருக்கும்போது ஒரு கோளம் மற்றதன் மின்னழுத்தத்தை உயர்த்துவதைச் சேர்த்தால், கம்பியை மறந்தாலும், 25:75 என்பது 23.2:76.8 ஆகிறது, பொது மின்னழுத்தம் சுமார் 2665 வோல்ட். 10 மீட்டர் தள்ளினால் 24.7 வரை வரும், ஆனால் அதற்குள் கம்பி நீண்டு இரண்டு கோளத்தையும் சேர்த்ததைவிட அதிகம் விழுங்கத் தயாராகிவிடும். கோளங்களை விலக்கினால் கம்பி கெடுக்கிறது, கம்பியைக் குறைத்தால் கோளங்கள் ஒன்றையொன்று கெடுக்கின்றன.

ஒரு சமாதானம்: கோளங்களின் மின்னழுத்தம் கம்பி இருக்கும் இடத்தையும் ஏற்கெனவே உயர்த்திவிடுவதால் அது முழு 13-க்கு உரியதை எடுக்காது. எவ்வளவு எடுக்கும் என்பதைக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கணினியில் போட்டால்தான் சொல்ல முடியும். நான் போடவில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. சமநிலை வந்ததும் மின்கடத்தாக் கோலால் கம்பியை எடுத்துவிட்டால், அது தன்னிடம் உள்ளதை எடுத்துக்கொண்டு போகும், கோளங்களில் மிஞ்சியதை அளக்கலாம். கூட்டினால் 100 வராது. எத்தனை குறைகிறதோ அத்தனை கம்பியுடையது. செய்து பார்த்தால் எண்ணை எழுதுங்கள்.