லென்ஸைத் துடைப்பவருக்குத் தெரியாதா?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் வீடு மாறும்போது அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவை அவரைக் கேட்காமலே விற்றுவிட்டேன். லென்ஸ் தனியாக அவர் பீரோவில் இருந்ததால் தப்பித்தது. இன்றும் அதை அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைப்பார். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதே மாதிரி ஒன்றை வாங்கி, அவருக்குத் தெரியாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட ஆசை. கையில் இருப்பது அப்பா கண்ணாடி முன் நின்று தன்னையே எடுத்துக்கொண்ட ஒரு படம்தான். கேமராவின் பெயரை விரல்கள் மறைத்திருக்கின்றன. நடுவில் கூரை மாதிரி மேடு, ஒரு பக்கம் லீவரும் வட்டச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்றாக, மறுபக்கம் மடக்குப் பிடி மட்டும், முன்பக்கம் தட்டையாக இருக்கிறது. ஒருவர் 'கேனன் ஏஇ-1' என்று ஒன்றை விற்கிறார். அதன் படத்தில் சக்கரம் எதிர்ப்பக்கம் இருக்கிறது, முன்னால் விரல் பிடிக்க ஒரு புடைப்பும் இருக்கிறது. 'அபூர்வம், முழு உலோகம்' என்கிறார். லென்ஸோடு சேர்த்து, மற்றவர்கள் சொல்லும் விலையைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: லென்ஸை எடுத்துத் துடைத்து வைக்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. கேமரா இல்லாத வீட்டில் ஒருவர் லென்ஸை எதற்குத் துடைக்கிறார்? கேமரா போனது அவருக்கு அன்றே தெரியும். யார் விற்றது என்பதும் தெரியும். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பேசாமல் இருக்கிறார். நீங்களோ வேறொரு கேமராவைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்து, அது எங்கேயும் போகவில்லை என்று அவரை நம்பவைக்கப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் தனி எண் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கே கீறல் விழுந்தது, எந்த மூலை தேய்ந்தது என்பதும் வைத்திருந்தவருக்குக் கைமனப்பாடம். எடுத்துப் பார்த்த நிமிடமே தெரிந்துவிடும். அப்புறம் இரண்டாவது பொய்யையும் அவரே சுமக்க வேண்டும். பெற்றவர்கள் பொருளை, அவர்கள் உயிரோடு இருக்கும்போது, கேட்காமல் விற்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. விற்றாகிவிட்டது, சரி. அதை மறைக்க என்னைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

கேமரா விஷயத்திலும் அந்த லென்ஸ்தான் முக்கியமான சாட்சி. மங்கலான ஒரு படத்தை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள், பதில் பீரோவில் இருக்கிறது. லென்ஸின் முன்வளையத்தில் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். 'கேனன்' என்றும், அந்தக் காலத்துக் கேனன் லென்ஸ் வகையான 'எஃப்டி' என்றும் இருந்தால் மேலே பேசலாம். வேறு கேமரா நிறுவனத்தின் பெயர் இருந்தால் இந்த விற்பனையாளரை இன்றே மறந்துவிடுங்கள். ஒரு கேமரா நிறுவனத்தின் லென்ஸ் இன்னொன்றின் உடம்பில் சாதாரணமாகப் பொருந்தாது.

எஃப்டி என்றால் லென்ஸைத் திருப்பி, கேமராவோடு சேரும் பின்பக்கத்தையும் பாருங்கள். தனியாகச் சுழலும் வெள்ளி நிற வளையம் இருக்கிறதா? இருந்தால் அது பழைய வகை. 1979-இல் வந்த புதிய எஃப்டி லென்ஸ்களில் அந்த வளையம் கிடையாது, லென்ஸையே திருகி மாட்டுவார்கள். இது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

இப்போது சக்கரம் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்ற குழப்பம். கண்ணாடி முன் எடுத்த படம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! இந்த வகைக் கேமராக்களில் ஷட்டர் பொத்தானும் ஃபிலிம் சுற்றும் லீவரும் பிடிப்பவரின் வலது கைப்பக்கம். கேமராவை நேருக்கு நேர் பார்த்து எடுத்த படத்தில் அவை நமக்கு இடப்பக்கம் தெரியும். கண்ணாடியில் விழுந்த படத்தில் வலப்பக்கம் தெரியும். அப்பாவின் சட்டைப்பை படத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே புரிந்துவிடும். படத்தை ஃபோனில் இடவலமாகத் திருப்பிவிட்டு விற்பவரின் படத்தோடு வைத்துப் பாருங்கள், சக்கரங்கள் ஒரே பக்கம் வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காக நல்ல கேமராவைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு, சம்பந்தமே இல்லாததை வாங்கியவர்களும் உண்டு.

திருப்பிய பிறகு மேல்தட்டைக் கவனியுங்கள். லீவரும் சக்கரமும் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது ஏஇ-1 உள்ளிட்ட கேனன் ஏ வரிசையில் பலவற்றின் அமைப்பு. பென்டாக்ஸ் கே1000 என்றால் ஷட்டர் வேகச் சக்கரம் லீவரை விட்டுத் தள்ளி, மேட்டுக்கும் லீவருக்கும் நடுவில் தனியாக நிற்கும். ஒலிம்பஸ் ஓஎம்-1 இன்னும் ஏமாற்றும். அதிலும் மேலே பிடிப்பவரின் வலப்பக்கம் ஒரு சக்கரம் உண்டு, ஆனால் அது ஃபிலிமின் வேகத்தை, அதாவது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பதைக் குறிப்பதற்கு. ஷட்டர் வேகத்துக்கான வளையம் லென்ஸ் மாட்டும் இடத்தைச் சுற்றி இருக்கும். சக்கரம் ஒன்று இருக்கிறது என்பது போதாது, எங்கே, எதனோடு சேர்ந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நடுவில் இருக்கும் மேட்டை எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். ஒலிம்பஸின் மேடு சிறியது, தாழ்ந்தது. பெரிய தலை வைத்த நிக்கான் எஃப்2 பெட்டி மாதிரி இருக்கும். நிறுவனங்களைப் பிரித்தறிய மேடு உதவும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைப் பிரிக்க உதவாது. உங்கள் பிரச்சினை அண்ணன் தம்பிப் பிரச்சினை.

கேனன் ஏஇ-1 வந்தது 1976-இல். அதன் தம்பி ஏஇ-1 புரோகிராம் 1981-இல். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அண்ணனுக்கு முன்பக்கம் தட்டை. தம்பிக்கு வலது விரல்கள் பிடிக்க ஒரு கிரிப் உண்டு. ஆகவே விற்பவர் படத்தில் இருக்கும் புடைப்பு, அவர் காட்டுவது ஏஇ-1 அல்ல, புரோகிராம் என்று சொல்கிறது. அப்படியானால் அப்பாவுடையது ஏஇ-1 என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமா? கூடாது. புரோகிராமின் கிரிப் ஒரே ஒரு திருகில் நிற்கிறது. பேட்டரி மாற்றும்போது அதைக் கழற்ற வேண்டும், கழற்றியதைத் தொலைத்தவர்கள் ஏராளம். முன்பக்கம் தட்டையாக இருக்கும் புரோகிராம் சந்தையில் நிறையவே கிடைக்கும்.

அதனால் மறுபக்கத்து மடக்குப் பிடிக்குப் போங்கள். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் பிடி அது. புரோகிராமில் அந்தப் பிடியைச் சுற்றி எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும், ஃபிலிம் வேகத்தை அங்கேதான் வைக்க வேண்டும். ஏஇ-1-இல் அந்த வேலை வலப்பக்கச் சக்கரத்தோடு சேர்ந்துவிட்டது, மடக்குப் பிடி தனியாக நிற்கும். 'மடக்குப் பிடி மட்டும்' என்று நீங்கள் எழுதியது சரியாக இருந்தால், இந்த இரண்டில் அப்பாவுடையது ஏஇ-1. லென்ஸின் பின்னால் வெள்ளி வளையமும் இருந்தால் அதற்கு இன்னும் பலம், ஏனென்றால் புரோகிராம் வந்தபோது புதிய லென்ஸ்கள் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இது முழு நிரூபணம் ஆகாது. பழைய லென்ஸை வைத்திருந்தவர் பிறகு புதிய உடம்பு வாங்கியிருக்கலாம்.

முழு நிரூபணம் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. ஏஇ-1-க்குள் கண் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு முள் மேலும் கீழும் அசையும். புரோகிராமில் முள் இல்லை, சிவப்பு எண்கள் ஒளிரும். 'அப்பா, உள்ளே முள் ஆடுமா, லைட் எரியுமா?' என்று கேளுங்கள். அந்தக் கேமராவில் கண் வைத்துப் பழகியவருக்கு இது மறக்காது. அதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கும், 'நான்தான் விற்றேன், தப்புதான்' என்று. அந்த வாக்கியத்தைத் தவிர்க்கத்தான் இவ்வளவு துப்பறிதலும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விலைக்கு வருவோம். 'அபூர்வம்' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். ஏஇ-1 பத்து லட்சத்துக்கு மேல் விற்ற கேமரா, இன்றும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. 'முழு உலோகம்' என்பதும் தவறு. அதன் மேல்மூடி உலோகம் போலப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக். ஒரு கேமராவின் பெயரையும் சரியாகச் சொல்லாமல், எதில் செய்தது என்றும் தெரியாமல் விற்பவரின் விலையை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

விற்பவர்கள் கேட்கும் விலை கணக்கில் வராது. விற்று முடிந்தவை என்ன விலைக்குப் போயின என்று தேடி, அவற்றில் சர்வீஸ் செய்து உத்தரவாதத்தோடு, லென்ஸ் இல்லாமல் உடம்பு மட்டும் போன விலையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக அது 100 என்று வைப்போம். பிறகு பழைய கேமரா சரிசெய்யும் ஒருவரிடம், இதை முழுதாகச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு ஸ்பாஞ்சு மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். அவர் 60 என்றால், சர்வீஸ் பார்க்காத உடம்புக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் 40. இந்த வயதுக் கேமராக்களில் சர்வீஸ் செலவு உடம்பின் விலையை எட்டிப் பிடிப்பது சகஜம் என்பதால் இந்தக் கழித்தலை யாரும் விரும்புவதில்லை, விற்பவர் சுத்தமாக விரும்பமாட்டார். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் ஓடவில்லை என்றே படியுங்கள், 40-க்கும் கீழே இறங்குங்கள். லென்ஸுக்கு ஒரு காசும் தராதீர்கள், உங்கள் வீட்டில் ஒன்று துடைத்து வைத்தபடி காத்திருக்கிறது. புரோகிராம் என்றால் சந்தையில் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் அப்பாவுடையது அது இல்லையென்றால் அந்தக் கூடுதலை எதற்குக் கொடுக்கிறீர்கள்?

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் சத்தத்தோடு ஒரு வீடியோ கேளுங்கள். புதிய பேட்டரி போட்டு, வேகத்தை மாற்றி மாற்றிப் பத்து முறை அழுத்தச் சொல்லுங்கள். பேட்டரி இல்லாமல் இதன் ஷட்டர் வேலையே செய்யாது, 'பேட்டரி இல்லை, மற்றபடி நன்றாக ஓடும்' என்பவரிடம் நிற்காதீர்கள். அழுத்தும்போது கீச்சென்று இருமுகிற மாதிரிச் சத்தம் வந்தால், உள்ளே கண்ணாடியைத் தூக்கும் பற்சக்கரங்களில் எண்ணெய் காய்ந்துவிட்டது. இந்த வரிசைக்கே உரிய நோய், தீர்க்க முடியும், ஆனால் அந்தச் செலவு விலையில் கழிய வேண்டும். பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கதவோரத்து ஸ்பாஞ்சு தார் மாதிரி ஒட்டினால் வெளிச்சம் உள்ளே கசியும். பேட்டரிக் கதவின் சிறிய கொக்கி எளிதில் உடையும், அதையும் உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஆளுக்கு, 'உங்களிடம் இருப்பது புரோகிராம், எனக்கு வேண்டியது ஏஇ-1, லென்ஸ் வேண்டாம்' என்று எழுதிவிட்டு விலகுங்கள். வேறு ஒன்று கிடைக்கும்போது அதைப் பழைய இடத்தில் ஒளித்து வைக்க வேண்டாம், அப்பாவையும் கூட்டிப்போய் வாங்குங்கள். பீரோ லென்ஸை அதில் மாட்டி, அவரே நாலு முறை அழுத்திப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பணத்தை எடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வாங்காமல் திரும்புங்கள்.