ஸ்லாட்டைக் கழித்துவிட்டார்கள்: கேட்க முடியுமா?

"வக்கீல் சார், நான் வியாசர்பாடி. பெரம்பூர்ல ஒரு தனியார் நீச்சல் குளத்துல பையனுக்கு 12 ஸ்லாட் பாஸ் 2,400 ரூபாய் கட்டி வாங்கினேன். 'ஒரு ஸ்லாட்டுக்கு 25 பேர் மட்டும், ரத்து செய்ய 6 மணி நேரத்துக்கு முன் ஆப்பில் செய்யவும், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது'ன்னு போர்டு வெச்சிருக்காங்க. ஒரு நாள் பையனுக்கு ஜுரம், காலைல 6 மணி ஸ்லாட்டை விடியக்காலம் 3 மணிக்கு ரத்து பண்ணேன், கழிச்சிட்டாங்க. இன்னொரு நாள் தண்ணிக்குள்ள 40 பேர், அரை மணி நேரம் வெளியில நிக்க வெச்சாங்க, திரும்பி வந்துட்டோம். மூணாவது தடவை மோட்டார் ரிப்பேர்னு அவங்களே மூடிட்டாங்க. மூணும் போச்சு. கேட்டா போர்டைக் காட்டறாங்க."

அம்மா, அவர்கள் காட்டும் அந்த போர்டுதான் உங்களுக்கும் சாட்சி. ரத்து விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்றால், 25 பேர் என்ற வரம்பு அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. அதை நம்பித்தானே பணம் கட்டினீர்கள்! உங்கள் மூன்று ஸ்லாட்டுக்கும் பதில் வேறு வேறு.

ஜுர நாளில் உங்கள் பக்கம் பலம் குறைவு. காலை 6 மணி ஸ்லாட்டுக்கு 6 மணி நேரம் முன் என்றால் நள்ளிரவு 12 மணிக்குள் ரத்து செய்திருக்க வேண்டும். ஆனாலும் ஒன்று கேளுங்கள்: உங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அவர்களுக்கு நஷ்டமே இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது, நியாயமான இழப்பீடு மட்டுமே உண்டு. இதை ஒரு வேண்டுகோளாக வையுங்கள், சண்டையாக வேண்டாம்.

மோட்டார் ரிப்பேர் நாள் எளிது. ரத்து செய்தவர்கள் அவர்கள். 'பணம் திரும்பாது' என்ற வரி நீங்கள் மனம் மாறினால் பேசும். அவர்கள் சேவையே தராதபோது அதைக் கவசமாகப் பிடிக்க முடியாது. 200 ரூபாயோ மாற்று ஸ்லாட்டோ உங்களுக்குச் சேர வேண்டியதே.

40 பேர் இருந்த அந்த இரண்டாவது நாள்தான் நிரூபிக்கக் கடினம். ஆப் 25 பேருக்குமேல் பதிவு எடுக்காமல் இருக்கலாம். ஆனால் கவுன்டரில் நேரடியாகப் பணம் கட்டி நுழைபவர்களும் பயிற்சி வகுப்புப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வராமல் போவதுண்டு. கூட்டம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் 'ஆப்பில் 25 தானே காட்டுது' என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அன்றைய நுழைவுப் பதிவேடும் அந்த நேரத்து வகுப்புப் பட்டியலும். ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: குளத்தில் இருக்கும் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். அடுத்தவர் பிள்ளைகளை நீச்சல் உடையில் படம் பிடித்தால் வம்பு உங்கள் பக்கம் திரும்பும். போர்டையும் ஆப்பில் உள்ள உங்கள் பதிவையும் மட்டும் எடுத்தால் போதும்.

அதைவிட வலுவானது, அங்கு நிற்கும்போதே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் போகும் இரண்டு வரி: "இன்று 6 மணி ஸ்லாட். குளத்தில் சுமார் 40 பேர், 6.30 வரை எங்களை உள்ளே விடவில்லை. ஸ்லாட்டைத் திரும்பச் சேர்க்கவும்." அந்த நேரத்தில் எழுதியதற்கு இருக்கும் மதிப்பு பிறகு சொல்லும் கதைக்கு வராது. இந்த முறை அனுப்பவில்லை என்றாலும் தேதி, நேரம், உடன் நின்ற பெற்றோர் யார் என்று இன்றே எழுதி வையுங்கள்.

இனி ரத்து செய்யும்போது போர்டு சொல்லும் வழியிலேயே செய்யுங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. 'ரத்து ஆனது' என்ற திரையை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப் திறக்கவில்லை என்றால் அந்தப் பிழைத் திரையையும் எடுத்து, கெடு முடிவதற்குள் மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.

முதலில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம், வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

மனுவில் 'சேவைக் குறைபாடு', 'முறையற்ற வணிக நடைமுறை' என்றே எழுதுங்கள். 'பணம் திரும்பாது' என்ற விதியே நியாயமற்ற ஒப்பந்தம், அதைச் செல்லாது என்று அறிவியுங்கள் என்று கேட்டால் அது மாநில ஆணையத்தின் அதிகாரம். மாவட்டத்தில் அந்த ஒரு வரியாலேயே மனு தடுமாறும். 2-வது, 3-வது ஸ்லாட்டுக்கான 400 ரூபாய், அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு: இவ்வளவு கேளுங்கள். ஜுர நாளை மனுவில் சேர்க்க வேண்டாம். அது இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பற்றி மட்டுமே பேசும்.