கேள்வி பதில்: ஆன்லைன் பேனரும் கரோசலும்

போடியிலிருந்து ஒரு மெத்தைக்கடைக்காரர்: இலவம்பஞ்சு மெத்தைக்கு 300×250 அளவில் பேனர் போட்டேன். கடைப் பெயர், மூன்று சைஸுக்கும் விலை, இரண்டு போன் நம்பர், முகவரி, இலவச டெலிவரி, எத்தனை வருட அனுபவம், எல்லாம் இருக்கிறது. யாரும் தொடுவதே இல்லை. இன்னும் என்ன சேர்க்கலாம்?

சேர்க்க எதுவும் இல்லை, எடுக்கத்தான் நிறைய இருக்கிறது. முதலில் போன் நம்பர்கள். அந்தப் படத்தில் எங்கே தொட்டாலும் நீங்கள் கொடுத்த லிங்க்தான் திறக்கும், நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தில் யாரும் பத்து இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள். முகவரியும் அப்படித்தான். தேனி மாவட்டத்துக்கு மட்டும் விளம்பரம் போக வேண்டுமென்றால் அதை விளம்பரக் கணக்கில் அமைக்க வேண்டும், படத்தில் எழுதிப் பயனில்லை. மூன்று விலை போட்டால் ஆள் ஒப்பிடத் தொடங்கிவிடுவார், அந்த இடத்தில் அதற்கு நேரம் கிடையாது.

மிகச் சின்ன அளவுகளில் ஒன்றான 320×50-இல் இருந்து தொடங்குங்கள். அதில் நான்கு சொல்லும் ஒரு பட்டனும்தான் நிற்கும். உங்களுக்கு அது "இலவம்பஞ்சு மெத்தை, ரூ. 4,800 முதல்", பக்கத்தில் "விலை பார்க்க" என்று ஒரு பட்டன். தொகை உங்கள் கடையில் உள்ளபடி இருக்கட்டும். விலை பார்க்கச் சொன்னால் தொட்டதும் திறக்கிற பக்கத்தில் விலைதான் முதலில் தெரிய வேண்டும், கடை வரலாறு அல்ல.

அந்தச் செய்தியையே 300×250-க்கு விரியுங்கள். மேலே 130 பிக்சல் உயரத்துக்கு மெத்தையின் படம். பஞ்சு பிதுங்கித் தெரிகிற ஒரே நெருக்கக் காட்சி போதும், முழுக் கட்டிலும் வேண்டாம். கீழே 120 பிக்சலுக்கு ஒரே நிறப் பட்டை. அதில் தலைப்பு 24 பிக்சல், விலை 20 பிக்சல், அடியில் 130×34-இல் பட்டன். லோகோவைப் படத்தின் மூலையில் சின்னதாக வையுங்கள். சுற்றிலும் ஒரு பிக்சல் கோடு இழுத்துவிட்டால் வெள்ளைப் பக்கத்தில் பேனர் கரைந்துபோகாது. இலவச டெலிவரியை மனசில்லாமல் விடுவீர்கள் என்று தெரியும். அதற்குப் பெரிய அளவான 300×600-இல் இடம் இருக்கிறது.

கோவை, கேக் வியாபாரம்: படத்தில் எழுத்து 20 சதவீதத்தைத் தாண்டினால் பேஸ்புக் தள்ளிவிடும்தானே? அதனால் எல்லா வரியையும் சின்னதாக்கி உள்ளே அடக்கிவிட்டேன்.

அந்த விதி இருந்தது உண்மை. 2020-லேயே விலக்கிவிட்டார்கள். எழுத்து குறைவாக இருப்பது நல்லது என்பது இன்றும் சரி, ஆனால் நீங்கள் சொற்களைக் குறைக்கவில்லை, உருவத்தைக் குறைத்திருக்கிறீர்கள்.

கணக்கு இதுதான்: 1080 பிக்சல் அகலத்தில் வரைகிற படம் போனில் தெரியும்போது சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் 36-இல் எழுதியது கையில் 12 அளவுக்குத்தான் தெரியும். ஆங்கிலம் அதில்கூடத் தப்பிக்கும். தமிழில் ண, ஞ, ணூ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக் கரும்புள்ளியாகிவிடும். 1080 படத்தில் தலைப்புக்கு 80-க்கு மேல், மற்றவற்றுக்கு 54-க்குக் கீழே போகாமல் வையுங்கள். அந்த அளவில் ஒரு வரி கொள்ளவில்லை என்றால் அந்த வரி படத்துக்கு மேலே உள்ள பதிவுக் குறிப்பில் போகட்டும். முடித்ததும் கணினியில் 33 சதவீதமாகச் சுருக்கி, ஒரு கை தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். கீழே இறங்கும் "மு", "கூ" அடுத்த வரியின் "கி", "மீ" கொக்கியோடு மோதினால் இரண்டு வரியும் கெடும்.

மதுரை: கடை திறப்புக்கு 10 அடிக்கு 8 அடி பேனர். எத்தனை பிக்சலில் செய்யட்டும்?

நீங்கள் கேட்பது ஃபிளக்ஸ். அளவையும் ஃபைல் வகையையும் அச்சகத்தில் கேட்பதுதான் சரி, மெஷினுக்கு மெஷின் மாறும். அங்கே போன் நம்பர் பெரிதாக இருக்கட்டும், தொட லிங்க் கிடையாதே. அந்த ஃபைலையே சுருக்கி ஆன்லைனில் மட்டும் போடாதீர்கள்.

திருச்சி, புதிதாக வேலை பார்க்கும் டிசைனர்: வாட்ஸ்அப் பச்சையில் பட்டன், வெள்ளை எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கிளையன்ட் தெரியவில்லை என்கிறார்.

கிளையன்ட் சொல்வது சரி. `#25D366` மேல் வெள்ளை வைத்தால் கான்ட்ராஸ்ட் கிட்டத்தட்ட 2:1தான். இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கின்றன. அதே பச்சையில் கறுப்பு எழுத்து வைத்தால் 10-ஐத் தாண்டும். வெள்ளைதான் வேண்டும் என்றால் `#075E54` என்ற கரும்பச்சை 7-க்கு மேல் தரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக் சுருக்கும்போது வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகவும் நிற வேறுபாட்டைப் பெரும்பாலும் தோராயமாகவும் வைத்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் நம்பி நிற்கிற எழுத்து, பச்சை மேல் சிவப்பு மாதிரி, ஓரம் குழம்பி வரும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எழுத்து அப்போதும் தனியாக நின்றால் சரி. போட்டோ மேல் எழுதும்போது நிழல், அவுட்லைன் எல்லாம் வேண்டாம், பின்னால் ஒரு நிறப் பட்டை போடுங்கள்.

சென்னை, ஏஜென்சியில் பல வருடம்: கூகுள் ரெஸ்பான்சிவ் விளம்பரத்துக்கும் பட்டன் வரைந்த படத்தையே பலர் ஏற்றுகிறார்கள். இதையும் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியதுதான். 1200×628, 1200×1200 என்று கொடுக்கிற அந்தப் படங்களோடு தலைப்பையும் பட்டனையும் கூகுளே சேர்க்கும். நாமும் வரைந்தால் இரண்டு பட்டன் தெரியும், ஒன்று தொட முடியாத மாதிரி நிற்கும். அங்கே சுத்தமான படம் மட்டும் போதும். நாமே முழுதாகச் செய்து ஏற்றும் 300×250, 728×90 போன்றவற்றுக்குத்தான் வரைந்த பட்டன். அவை 150 கேபிக்குள் இருக்க வேண்டும். ஒரு அளவை இழுத்து இன்னொன்றாக்காமல் ஒவ்வொன்றையும் தனியாக அடுக்க வேண்டும்.

காஞ்சிபுரம், சேலை வியாபாரம்: கரோசலில் பத்து கார்டையும் நிரப்பணுமா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பட்டன் வைக்கலாமா?

விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் இந்தக் கார்டுகளை மெட்டாவில் இரண்டு முதல் பத்து வரை போடலாம், நிரப்பியாக வேண்டும் என்று இல்லை. பட்டன் எல்லாக் கார்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், லிங்க் மட்டும் அந்தந்தச் சேலையின் பக்கத்துக்குப் போகட்டும். ஐந்து சேலை என்றால் எல்லாம் 1080×1080, ஒரே பின்னணி, விலை ஒரே மூலையில். அப்போது தள்ளுகிறவரின் கண் சேலையை மட்டும் பார்க்கும். முதல் கார்டில் லோகோவை நிரப்பாமல் நன்றாக விற்கிற சேலையையே வையுங்கள். பலர் அதைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

நூல், தறி, முந்தி என்று வரிசையாகக் கதை சொல்வதானால், நன்றாக ஓடும் கார்டை முன்னால் காட்டும் தேர்வை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் முந்தி முதலில் வந்து நிற்கும்.

சேலம்: போட்டோஷாப்பில் "கொ" எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. பட்டனில் தமிழா, ஆங்கிலமா?

முதல் சிக்கலுக்கு, உங்கள் பதிப்பில் அந்தத் தேர்வு இருந்தால் செட்டிங்ஸில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். பதிப்பைப் பொறுத்து `Middle Eastern and South Asian` அல்லது `World-Ready Layout` என்று இருக்கும்.

இரண்டாவதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தலைப்பு தமிழ் என்றால் பட்டனும் தமிழாக இருப்பதுதான் இயல்பு என்பது என் எண்ணம். ஏஜென்சி நண்பரோ `Shop Now` கண்ணுக்குப் பழகிவிட்டது, அதைப் படிக்காமலே தொடுகிறார்கள் என்கிறார். உங்கள் கடைக்கு இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், பட்டனைத் தவிர வேறு எதையும் மாற்றாமல்.