துபாய் பேங்க் நோட்டீஸ்: அப்பாவுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. மயிலாடுதுறை பக்கம் தனியாக இருக்கிறார். என் தம்பி துபாயில் வேலை பார்த்தபோது அங்குள்ள பேங்கில் பெர்சனல் லோன் வாங்கினான். கம்பெனி பல மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்ததால் கட்ட முடியாமல் 2022இல் ஊருக்கே வந்துவிட்டான். இப்போது தம்பி பெயருக்கு அப்பா வீட்டு விலாசத்தில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்பா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, போனில் சொன்னால் காது கேட்காது. அதனால், "பணம் கட்டாவிட்டால் கேஸ் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று தமிழில் சுருக்கிக் கடிதம் எழுதினேன். அப்படியும் அவர் தூங்குவதில்லை. ஏஜென்ட் ஒருவர் வந்து அவரிடம் கையெழுத்து கேட்கிறாராம். தம்பியோ தன் பெயரில் உள்ள மனையை அப்பா பெயருக்கு எழுதிவிடலாம் என்கிறான். ஈவிரக்கமில்லாத அந்த பேங்க் மீது நாம் வழக்கு போட முடியாதா? போட்டோவையும் என் கடிதத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

பதில்: போட்டோவில் மூன்றாவது பத்தியை இன்னொரு முறை படியுங்கள். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, துபாய் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியாகிவிட்டது, 15 நாளில் கட்டாவிட்டால் அதை இந்தியாவில் நிறைவேற்றுவோம் என்கிறார்கள். கேஸ் இனிமேல் வரப்போவதில்லை, அங்கே முடிந்தேவிட்டது. சட்டப்படி உங்கள் விஷயத்தில் கணக்கில் வருவது இது ஒன்றுதான். நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் விட்டுப்போனதும் இதுதான்.

கம்பெனி சம்பளம் தராதது தம்பிக்கும் கம்பெனிக்கும் இடையில் உள்ள வழக்கு. லோனுக்கு அது பதில் ஆகாது. பேங்க் மீது வழக்கு போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் பலர், அங்கத்திய தீர்ப்பு இங்கே செல்லாது என்று இன்னமும் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது பாதி உண்மை. அந்தத் தீர்ப்பை வைத்து பேங்க் இங்கே புதிதாக ஒரு வழக்கு போட வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 17ஆம் தேதி மத்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் ஐக்கிய அரபு அமீரகத்தை, தீர்ப்புகளைப் பரஸ்பரம் ஏற்கும் நாடாக அறிவிக்கை செய்தபின் நிலைமை மாறிவிட்டது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை மாவட்ட நீதிமன்றத்தில் கொடுத்து நேராக ஈ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு, போடலாம். கடன் உண்டா இல்லையா என்று இங்கே யாரும் மறுபடி விசாரிக்க மாட்டார்கள்.

தம்பிக்கு மிச்சம் இருப்பது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. சம்மன் முறையாக வரவில்லை, சாட்சியத்தைப் பார்க்காமலே ஒருதலையாகத் தீர்ப்பு கொடுத்தார்கள் என்பது போன்ற ஆட்சேபங்கள் அதில்தான் வரும். ஒருதலைத் தீர்ப்பு என்பது மட்டும் போதாது. அமீரகத்தில் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் மூலமும் சம்மன் சார்பு செய்ய இடம் உண்டு. தம்பியின் பழைய துபாய் நம்பருக்கோ மெயிலுக்கோ ஏதாவது வந்ததா என்று அவரையே கேளுங்கள், மழுப்ப விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோ நான்கு பக்கத்தில் முதல் பக்கம் மட்டும். மீதி மூன்று பக்கமும் தபால் உறையும் வேண்டும். தீர்ப்புத் தேதி அங்கேதான் இருக்கும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். ஜாமீன் கையெழுத்து போடாத வரை மகன் கடனுக்கு அவர் பொறுப்பு இல்லை. அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டை பேங்க் தொட முடியாது. ஆனால் வீடு பூர்வீகச் சொத்தாக இருந்து, அதில் தம்பிக்குப் பங்கு இருந்தால், அந்தப் பங்கை ஜப்தி கேட்கலாம். மூலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போதைக்குப் பொறுப்பே இல்லாத அப்பாவை வழக்கில் சிக்கவைக்கக்கூடிய இரண்டு வேலைகள் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, ஏஜென்ட் கேட்கும் கையெழுத்து. "பெரியவரே, ஒரு கையெழுத்து போடுங்க, ஒரு மாசம் டைம் வாங்கித் தர்றேன்" என்பார்கள். அந்த ஒரு மாத அவகாசமே ஒப்பந்தச் சட்டப்படி பிரதிபலன். அதற்கு ஈடாக "மகன் கடனை நான் தீர்க்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அது ஜாமீன் ஒப்பந்தமாக நிற்கும். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். தம்பியும் வாட்ஸ்அப்பில் "கட்டிடறேன் சார், டைம் கொடுங்க" என்று அனுப்ப வேண்டாம். நாளைக்கு 13ஆம் பிரிவில் வாதாடும்போது அந்த ஸ்கிரீன்ஷாட்தான் முதலில் வந்து நிற்கும்.

இன்னொன்று மனை. இதைச் செய்யாதீர்கள் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நோட்டீஸ் வந்த மூன்றாம் வாரம் அம்மாவுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு என்னிடம் வந்தார் ஒருவர். எதிர்த்தரப்பு வக்கீல் செய்த முதல் வேலை வில்லங்கச் சான்று எடுத்ததுதான். பத்திரத் தேதியும் நோட்டீஸ் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். கடன் கொடுத்தவரை ஏய்க்கச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டம் 53ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டார்கள். விலை கொடுத்து வாங்கினேன் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் ஒரு பைசா கொடுக்கவில்லை. கடனே வாங்காத அவர் பிரதிவாதியாகி, கூண்டில் ஏறி, "உங்கள் மகன் ஏன் அந்த மாதம் பார்த்து எழுதிக் கொடுத்தார்?" என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியதாயிற்று. அதற்குமுன் தள்ளுபடிக்கு ஒத்துக்கொண்டிருந்த பேங்கும் பின்வாங்கிவிட்டது. சொத்தை ஒளிக்கிறார் என்றால் கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

அதனால் மனையை மறைக்காமல் அதை வைத்தே பேசி முடியுங்கள். அங்கத்திய பேங்குகள் வட்டியையும் அபராதத்தையும் குறைத்து ஒரே தவணையில் வாங்கிக்கொள்வது சகஜம். மனையைச் சந்தை விலைக்கு வெளியாளுக்கு விற்று அந்தப் பணத்தை பேங்கில் கட்டுவதில் தவறு இல்லை. பேச்சு வக்கீல் மூலம் நடக்கட்டும், சமரசத்துக்காக மட்டும் எழுதுகிறோம் என்ற குறிப்போடு. பணம் பேங்க் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்ட் கணக்குக்கு அல்ல. கட்டும் முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: முழுக் கடனும் தீர்ந்தது என்ற கடிதம் தருவது, லோனுக்கு உத்தரவாதமாகக் கொடுத்த செக்யூரிட்டி செக்கைத் திருப்பித் தருவது, நீதிமன்றத்தில் தீர்ப்பு நிறைவேறியதாகப் பதிவு செய்வது. இவை கைக்கு வராமல் தம்பி துபாய்க்கு டிக்கெட் போட வேண்டாம்.

அப்பாவுக்கு வேறு கடிதம் எழுதுங்கள். பெரிய எழுத்தில், இப்படி இருந்தால் போதும்:

"அப்பா, அந்த நோட்டீஸ் தம்பி பெயருக்கு வந்தது. உங்கள் பெயர் அதில் இல்லை. அவன் லோன் பற்றி துபாய் கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது, 15 நாளில் பணம் கட்டச் சொல்கிறார்கள். போன கடிதத்தில் நான் எழுதியது சரியில்லை. நான் பார்த்தது முதல் பக்கம் மட்டும், மீதி பக்கங்களையும் உறையையும் ரிஜிஸ்டர் தபாலில் எனக்கு அனுப்புங்கள். தம்பிக்காக வக்கீல் வைத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். 'வக்கீலைப் பாருங்கள்' என்று சொல்லி இதோடு உள்ள விலாசத்தைக் கொடுங்கள். கோர்ட் அமீனா வந்து தம்பிக்கு என்று தாள் கொடுத்தால், அவன் அங்கே குடியில்லை என்று சொல்லி, அவனுடைய இப்போதைய விலாசத்தைக் கொடுங்கள். அமீனா வந்தால் அன்றே எனக்கு ஆள் விட்டுச் சொல்லுங்கள். வீட்டின் மூலப்பத்திரத்தையும் எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்."